இரைச்சலை வெல்ல எவ்வளவு அகலம் வேண்டும்?

கோடை மழை இடியும் மின்னலுமாக இறங்கும் ஒரு மாலையில் சென்னை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பை, 720 கிலோஹெர்ட்ஸில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். மின்னல் வெட்டும்போதெல்லாம் ஒரு 'கர்ர்' வந்து செய்தி வாசிப்பவரின் பாதி வார்த்தையை விழுங்கும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் அதுவும் கூடச் சேர்ந்துகொள்ளும். அதே பெட்டியில் எஃப்.எம்.முக்கு மாறி 101.4-இல் நிறுத்துங்கள். இடி கூரைக்கு மேலே கேட்கும். பெட்டிக்குள் பெரும்பாலும் கேட்காது.

இதற்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரும் காரணம் எல்லோருக்கும் மனப்பாடம். ஏ.எம். அலையில் ஒலி அலையின் வீச்சில், அதாவது உயரத்தில், ஏற்றப்படுகிறது. மின்னலும் மோட்டார் பொறிகளும் கெடுப்பது அந்த உயரத்தைத்தான். எஃப்.எம்.மில் ஒலி அதிர்வெண்ணில் ஏற்றப்படுகிறது. உயரத்தை வெட்டி எறிந்துவிட்டால் இரைச்சலும் கூடவே போய்விடும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதால், எஃப்.எம். என்றாலே இரைச்சல் அண்டாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரைச்சலை விரட்டுவது அதிர்வெண் பண்பேற்றம் என்ற முறை அல்ல. அந்த முறைக்கு நாம் எவ்வளவு தாராளமாக இடம் ஒதுக்குகிறோம் என்பதுதான்.

98.3 மெகாஹெர்ட்ஸ் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்டூடியோவில் யாரும் பேசாதபோது கோபுரத்திலிருந்து வருவது ஒரே சீரான ஊர்தி அலை. வினாடிக்கு 9 கோடியே 83 லட்சம் அதிர்வுகள். அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் அந்த எண் மேலும் கீழும் அலையத் தொடங்குகிறது. நடுவிலிருந்து அது எவ்வளவு தூரம் விலகுகிறதோ அதற்கு அதிர்வெண் விலகல் என்று பெயர். உலகம் முழுவதும் எஃப்.எம். ஒலிபரப்பில் பொதுவாக வழங்கும் உச்ச வரம்பு 75 கிலோஹெர்ட்ஸ். ஆகவே நம் நிலையம் மிகச் சத்தமான இடத்தில் 98.225-க்கும் 98.375-க்கும் இடையே ஆடும். கிசுகிசுப்பில் நடுவை விட்டு லேசாக நகரும்.

இங்கே பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. விலகல் எவ்வளவு தூரம் என்பது ஒலியின் சத்தத்தைப் பொறுத்தது. எத்தனை வேகமாக ஆடுகிறது என்பது ஒலியின் சுருதியைப் பொறுத்தது. ஒரு நாதஸ்வரக்காரர் ஒரே சுரத்தை மெதுவாக ஊதி, பிறகு ஓங்கி ஊதினால் ஆட்டத்தின் அகலம் மட்டும் கூடும், வேகம் மாறாது. அதே சத்தத்தில் மேல் ஸ்தாயிக்குப் போனால் அகலம் அப்படியே இருக்கும், ஆட்டம் மட்டும் வேகமாகும். இந்த இரண்டையும் தனித்தனியே பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர்கள் எஃப்.எம்.மைத் தேடிப் போனது இரைச்சலுக்காக அல்ல, இட நெருக்கடிக்காக. ஏ.எம். நிலையம் ஒன்று 5 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை அனுப்பினால், ஊர்திக்கு மேலே ஐந்தும் கீழே ஐந்துமாக 10 கிலோஹெர்ட்ஸ் அடைத்துக்கொள்ளும். அலையின் உயரத்தைத் தொடாமல் அதிர்வெண்ணை மட்டும், அதுவும் நூறு ஹெர்ட்ஸ் அளவுக்கு மட்டும் அசைத்தால், நிலையம் இருநூறு ஹெர்ட்ஸில் அடங்கிவிடாதா? அடங்கிவிட்டால் ஒரு நிலையத்தின் இடத்தில் ஐம்பதை வைக்கலாமே! கணக்கு சரியாகத்தான் தோன்றியது.

அந்தக் கனவைக் கலைத்தவர் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தில் இருந்த ஜான் கார்சன். 1922-இல் வெளியான கட்டுரையில் அவர் காட்டியது இதுதான்: அதிர்வெண்ணை அசைத்த அலை இரண்டு எல்லைகளுக்கு நடுவே சமர்த்தாக உட்கார்ந்திருப்பதில்லை. ஊர்தியை வினாடிக்கு 5,000 தடவை அசைத்தால், அசைவு எத்தனை சிறியதாக இருந்தாலும், ஊர்தியிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் தள்ளி இருபுறமும் பக்க அலைகள் முளைத்தே தீரும். அசைவைப் பெரிதாக்கினால் 10,000, 15,000, 20,000 என்று அடுத்தடுத்த ஜோடிகளும் முளைக்கும். ஆகவே எஃப்.எம். எந்த நிலையிலும் ஏ.எம்.மைவிடக் குறைந்த இடத்தில் அடங்காது. அடங்கினாலும் சமம், இல்லாவிட்டால் அதிகம்.

இந்த ஆய்விலிருந்து வந்த கைக்கணக்குதான் இன்றும் கார்சன் விதி என்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. அதிகபட்ச விலகலையும், ஒலியின் அதிகபட்ச அதிர்வெண்ணையும் கூட்டுங்கள், இரண்டால் பெருக்குங்கள். கிடைப்பது நிலையத்துக்குத் தேவையான பட்டை அகலம். எஃப்.எம். ஒலிபரப்பில் ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது, விலகல் 75. ஆகவே,

2 × (75 + 15) = 180 கிலோஹெர்ட்ஸ்

கறாராகச் சொன்னால் பக்க அலைகளுக்கு முடிவே கிடையாது. தூரம் போகப் போக மெலிந்துகொண்டே போகும். அலையின் ஆற்றலில் சுமார் 98 விழுக்காடு இந்த அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதால் மீதி இரண்டை விட்டுவிடலாம் என்பதுதான் விதியின் உட்பொருள். அதனால்தான் இதைத் தேற்றம் என்று சொல்லாமல் கைக்கணக்கு என்கிறேன்.

ஆனாலும் நன்றாக உழைக்கிற கைக்கணக்கு. 1 கிலோஹெர்ட்ஸ் விசில் ஒன்றை முழுச் சத்தத்தில் அனுப்பினால் 2 × (75 + 1), அதாவது 152 கிலோஹெர்ட்ஸ். பக்க அலைகள் ஆயிரம் ஆயிரம் ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஊர்திக்கு இருபுறமும் எழுபத்தைந்து ஜோடிகளுக்கு மேல் நெருக்கியடித்து நிற்கும். அதே சத்தத்தில் 15 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினால் ஆறே ஜோடிகள்தான், ஆனால் பதினைந்து பதினைந்தாகத் தள்ளி நிற்பதால் கடைசி ஜோடி தொண்ணூறில் போய் நிற்கிறது. அதுதான் அந்த 180.

பெட்டிக்குள் இந்த எண்ணுக்குப் பொறுப்பான உறுப்பையும் பார்த்துவிடலாம். பழைய ரேடியோவைத் திறந்தால் மூன்று கால்களோடு ஒரு சின்னச் சதுர வில்லை இருக்கும். ரிப்பேர் கடையில் 10.7 செராமிக் ஃபில்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். நிலையத்துக்கு வாசல் அதுதான். 280, 230, 180, 150, 110 கிலோஹெர்ட்ஸ் என்று பல அகலங்களில் கிடைக்கும். தொலைதூர நிலையம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் 110-ஐப் போட்டுக்கொள்வதுண்டு. பக்கத்து நிலையத்தின் தொல்லை குறையும். கூடவே, பாடலின் சத்தமான இடங்களிலும் 'ச', 'ஸ' ஒலிகளிலும் ஒரு நொறுங்கல் கேட்கும். ஒலிபெருக்கி கிழிந்துவிட்டது என்று நினைத்து அதை மாற்றுகிறவர்கள் உண்டு. உண்மையில் வாசல் குறுகிவிட்டதால் வெளிப் பக்க அலைகள் உள்ளே வரமுடியாமல் நிற்கின்றன. மென்மையாகப் பேசும்போது சரியாகவும், சத்தம் கூடும்போது மட்டும் கெட்டும் போனால் சந்தேகம் ஃபில்டர் மேல் விழ வேண்டும். ஒலியளவைக் குறைத்து வைத்தாலும் நொறுங்கல் நீங்காவிட்டால் ஒலிபெருக்கி பெரும்பாலும் நிரபராதி.

சரி, 180 கிலோஹெர்ட்ஸ் என்பது எத்தனை பெரிய ஊதாரித்தனம்! நம் பகுதியில் மத்திய அலை நிலையங்களுக்கு 9 கிலோஹெர்ட்ஸுக்கு ஓரிடம். அந்தப் பட்டை முழுவதையும் சேர்த்தாலே சுமார் 1,080 கிலோஹெர்ட்ஸ்தான். அதில் 120 ஏ.எம். இடங்கள் உள்ளன, எஃப்.எம். என்றால் ஆறு வைக்கலாம், அதுவும் தோளோடு தோள் உரசிக்கொண்டு. எஃப்.எம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள மேட்டுக்குக் குடியேறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்கே இடம் தாராளம். சென்னையில் 92.7-க்கு அடுத்த தனியார் நிலையம் 93.5-இல் இருக்கிறது; நடுவே 800 கிலோஹெர்ட்ஸ்.

இத்தனை இடத்தைக் கொடுத்து வாங்கியது என்ன?

ஊர்தி அலையை ஒரு நீண்ட அம்பாக வரைந்துகொள்ளுங்கள், கடிகார முள் மாதிரி. அதன் நீளம் 10 என்று வைப்போம். அம்பின் நீளம் அலையின் உயரம். அது காட்டும் திசை அலையின் கட்டம். இப்போது ஊர்திக்குப் பக்கத்திலேயே, 1,000 ஹெர்ட்ஸ் தள்ளி, பத்தில் ஒரு பங்கு வலுவுள்ள இரைச்சல் ஒன்று வந்து சேர்கிறது. படத்தில் அது 1 என்ற நீளமுள்ள குட்டி முள். பெரிய முள்ளின் நுனியில் ஒட்டிக்கொண்டு வினாடிக்கு 1,000 தடவை சுற்றுகிறது. குட்டி முள் சுற்றச் சுற்ற, மொத்த நீளம் 11-க்கும் 9-க்கும் இடையே மாறும். மொத்தத் திசையும் இருபுறமும் லேசாகத் தலையாட்டும்.

ஏ.எம். ரேடியோ நீளத்தை மட்டும் பார்க்கிறது. முழுப் பண்பேற்றத்தில் ஒலியானது நீளத்தை 10 அளவுக்கு ஆட்டும். இரைச்சல் 1 அளவுக்கு ஆட்டுகிறது. பத்துக்கு ஒன்று. இரைச்சல் நன்றாகவே கேட்கும்.

எஃப்.எம். ரேடியோவில் வரம்பி என்ற சுற்று அம்பின் நீளத்தை ஒரே அளவாக வெட்டிவிடும். பள்ளிப் பாடம் இங்கே 'ஆகவே இரைச்சல் ஒழிந்தது' என்று முடிந்துவிடுகிறது. ஆனால் தலையாட்டல் போகவில்லையே. ஏ.எம். ரேடியோ நீளத்தைப் பார்த்துத் திசையைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது, எஃப்.எம். ரேடியோ திசையைப் பார்த்து நீளத்தை விடுகிறது. இரைச்சலின் ஒரு பாதியிடமிருந்து தப்பி மறுபாதியிடம் மாட்டிக்கொண்ட கதைதான். வரம்பியால் மட்டும் லாபம் ஒன்றுமில்லை.

லாபம் அடுத்த அடியில் வருகிறது. பத்துக்கு ஒன்று என்ற குட்டி முள் பெரிய முள்ளைச் சாய்க்கக்கூடிய அதிகபட்சக் கோணம் 0.1 ரேடியன், ஆறு பாகைக்கும் குறைவு. குட்டி முள் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அதற்கு மேல் சாய்க்க முடியாது. இந்தத் தலையாட்டலை அதிர்வெண் விலகலாக மாற்றிப் பார்த்தால், கோணத்தை வேகத்தால் பெருக்க வேண்டும்: 0.1 × 1,000 = 100 ஹெர்ட்ஸ். இரைச்சல் நிலையத்தை அசைக்க முடிந்தது அவ்வளவுதான். நிலையமோ தன் ஒலிக்காக 75,000 ஹெர்ட்ஸ் அசைகிறது. எழுநூற்றைம்பதுக்கு ஒன்று! அதே இரைச்சல், அதே வலு, ஏ.எம்.மில் பத்துக்கு ஒன்று.

இப்போது விலகலை 75-இலிருந்து 5 கிலோஹெர்ட்ஸாகக் குறையுங்கள். இரைச்சலின் 100 ஹெர்ட்ஸ் குறையவில்லை; அது விலகலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. விகிதம் ஐம்பதுக்கு ஒன்றாக இறங்குகிறது. இரைச்சலை 15 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்தால் அது உண்டாக்கும் விலகல் 0.1 × 15,000, அதாவது 1,500 ஹெர்ட்ஸ். 75 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்கு இது ஐம்பதில் ஒன்று, தாங்கலாம். 5 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்கு இது மூன்றில் ஒன்றுக்கு நெருக்கம். ஏ.எம்.மைவிட மோசம். குறுகிய விலகலில் எஃப்.எம்.மால் பயனில்லை என்று கார்சன் சொன்னது இதனால்தான் சரி. அவருடைய கணிதத்தில் பிழை இல்லை. விலகலைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் இருந்த கேள்வி. அதற்கு அவர் சரியான விடை சொன்னார்.

கேள்வியைத் திருப்பிப் போட்டவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். ரேடியோக்களின் அடிப்படையான சூப்பர்ஹெட்டிரோடைன் சுற்றை ஏற்கெனவே கண்டுபிடித்துப் புகழ் பெற்றிருந்தவர். எல்லோரும் குறுக்கிப் பார்த்த இடத்தில் அவர் அகட்டிப் பார்த்தார். 1933 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1934-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காக நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து அனுப்பிச் சோதித்தார். 1935 நவம்பரில் வானொலிப் பொறியாளர் கூட்டம் ஒன்றில் கட்டுரை வாசித்துவிட்டு, யாங்கர்ஸ் ஊரில் இருந்த நண்பர் வீட்டு நிலையத்தைப் பெட்டியில் பிடித்துக் காட்டினார். அங்கே தம்ளரில் தண்ணீர் ஊற்றினார்கள், காகிதத்தைக் கசக்கினார்கள். அரங்கில் தண்ணீர் தண்ணீராகவும் காகிதம் காகிதமாகவும் கேட்டது. ஏ.எம். காலத்துக் காதுகளுக்கு அதற்கு முன் இருந்த நிசப்தமே பெரிய அதிசயமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிற்பாடு நடந்ததெல்லாம் காப்புரிமை வழக்குகளும், 1945-இல் பட்டையையே இடம் மாற்றிப் பழைய எஃப்.எம். பெட்டிகளைச் செல்லாக்காசாக்கிய அரசு ஆணையும். 1954-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வழக்குகளை அவர் மனைவி மேரியன் தொடர்ந்து நடத்தி வென்றார். இந்தியாவுக்கு எஃப்.எம். வந்தது 1977-இல், முதலில் ஒலித்தது சென்னையில்.

யோசிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். வாசலை 10-லிருந்து 180 கிலோஹெர்ட்ஸாக அகட்டினால் பதினெட்டு மடங்கு இரைச்சல் உள்ளே வருமே? வரத்தான் செய்கிறது. ஆனால் ஊர்தியிலிருந்து 40 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் இரைச்சல் அம்பை வினாடிக்கு 40,000 தடவை தலையாட்ட வைக்கும். அந்த ஒலி மனிதக் காதுக்கு எட்டாது. அதற்கு முன்பே ரேடியோவின் ஒலி வடிகட்டி அதைத் தள்ளிவிடும். காதில் விழுவது ஊர்திக்கு இருபுறமும் 15 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும் இரைச்சல் மட்டுமே. ஒலிக்கோ முழு அகலமும் பயன்படுகிறது. இந்த ஓரவஞ்சனையில்தான் எஃப்.எம்.மின் லாபம் முழுவதும் இருக்கிறது.

மேலே பார்த்த இரண்டு எண்களை மறுபடி கவனியுங்கள். 1,000 ஹெர்ட்ஸில் இரைச்சலின் விலகல் 100, 15,000-இல் 1,500. சுருதி ஏற ஏற இரைச்சலும் நேர்விகிதத்தில் ஏறுகிறது. எஃப்.எம். இரைச்சல் 'கரகர' என்று இல்லாமல் 'உஸ்ஸ்' என்று மெல்லியதாக, மேல் ஸ்தாயியில் கேட்பதற்கு இதுவே காரணம். இதைச் சமாளிக்க நிலையத்தில் ஒரு சிறு தந்திரம் செய்கிறார்கள். சுமார் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை முன்கூட்டியே உயர்த்தி அனுப்புகிறார்கள். ரேடியோ அதே அளவுக்குத் தாழ்த்துகிறது. ஒலி பழைய நிலைக்கு வருகிறது, வழியில் சேர்ந்த 'உஸ்ஸ்' மட்டும் அமுங்குகிறது. இந்தியாவும் ஐரோப்பாவும் இதற்கு 50 மைக்ரோவினாடி என்ற அளவைப் பின்பற்றுகின்றன, அமெரிக்கா 75. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த ரேடியோவை இங்கே கொண்டுவந்து கேட்டால் ஜால்ராவும் சலங்கையும் சற்றுப் போர்வை மூடியதுபோல் மங்கிக் கேட்பது இதனால்.

ஸ்டீரியோவின் கதையும் இதே கணக்குதான். இடது வலது ஒலிகளின் கூடுதல் வழக்கம்போல 15 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. அவற்றின் வித்தியாசம் மட்டும் தனியாக 23 முதல் 53 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தில் ஏறிப் போகிறது. இரைச்சல் சுருதியோடு ஏறும் என்றோம். 38 கிலோஹெர்ட்ஸில் நம் குட்டி முள்ளின் விலகல் 3,800 ஹெர்ட்ஸ். வித்தியாச ஒலி இரைச்சல் மிகுந்த மேட்டுத் தெருவில் குடியிருக்கிறது. நிலையம் சற்றுத் தூரத்தில் இருந்தால் ஸ்டீரியோவில் 'உஸ்ஸ்' என்று கேட்பதும், மோனோவுக்கு மாற்றியதும் சட்டென்று அடங்குவதும் அதனால்தான். காரில் இருக்கும் செட் பல நேரங்களில் நம்மைக் கேட்காமலே இதைச் செய்துவிடும்.

இதுவரை சொன்ன அத்தனைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: குட்டி முள் குட்டியாகவே இருக்க வேண்டும். சென்னையிலிருந்து செங்கல்பட்டு தாண்டித் தெற்கே போகப் போக ஊர்தி மெலிகிறது. இரைச்சல் முள் பெரிய முள்ளின் நீளத்தை எட்டிவிட்டால் கதை தலைகீழ். மொத்த அம்பு இருபுறமும் தலையாட்டுவதை விட்டுவிட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி வந்துவிடும். ஒவ்வொரு முழுச் சுற்றும் ஒலிபெருக்கியில் ஒரு 'டப்'. முதலில் எப்போதாவது ஒன்று. அடுத்த சில கிலோமீட்டரில் எண்ணெயில் கடுகு தாளிப்பதுபோல் பொரிந்து, பிறகு பாட்டே மூழ்கிவிடும். ஊர்தியின் ஆற்றல் வாசலுக்குள் வரும் மொத்த இரைச்சல் ஆற்றலைப் போல் ஏறத்தாழ பத்து மடங்குக்குக் கீழே இறங்கும்போது இந்தச் சரிவு தொடங்குகிறது. மொத்த இரைச்சல் என்றால் 180 கிலோஹெர்ட்ஸ் வாசலில் நுழைகிற எல்லாம். அகட்டிய வாசலுக்கு எஃப்.எம். வாடகை கொடுப்பது இங்கேதான். ஏ.எம். இப்படித் திடீரென்று விழாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கரகரப்புக்கு நடுவிலும் செய்தி புரிகிற அளவுக்கு நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கும்.

மின்னலைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மின்னலின் ரேடியோ ஆற்றல் கீழ் அதிர்வெண்களில்தான் கொழுத்திருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸுக்கு வரும்போது வெகுவாக இளைத்துவிடுகிறது. ஆகவே மழை மாலையில் எஃப்.எம். தெளிவாக இருப்பதில் ஒரு பங்கு புகழ் பண்பேற்றத்துக்கு அல்ல, குடியிருக்கும் பட்டைக்கே சேர வேண்டும். மிக அருகில் விழுந்த மின்னல் ஊர்தியைவிடப் பெரிய முள்ளாக வந்து எஃப்.எம்.மிலும் ஒரு 'டப்' போட்டுவிட்டுத்தான் போகும்.

குட்டி முள் இரைச்சலாக இல்லாமல் இன்னொரு நிலையமாகவே இருந்தால்? 93.5 என்ற எண்ணில் சென்னையிலும் ஒலிக்கிறது, கோவையிலும் நெல்லையிலும் ஒலிக்கிறது. இரண்டு ஊர்களின் அலையும் எட்டுகிற இடத்தில் நின்றால் இரண்டும் கலந்து கேட்பதில்லை. வலுவான நிலையம் பெரிய முள். மற்றது அதன் நுனியில் தலையாட்ட மட்டுமே முடியும். வலுவில் ஓரளவு வித்தியாசம் இருந்தாலே போதும், தோற்றவர் சுத்தமாக மறைந்துவிடுவார். பேருந்து நகர நகர வலு மாறி, ஒரு பாட்டின் நடுவே இன்னொன்று குதிப்பது இதனால்தான். கேட்பவருக்கு இது வசதி. விமானிகளுக்கு ஆபத்து. இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் பேசினால் எஃப்.எம்.மில் ஒருவர் பேசியதே கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாமல் போய்விடலாம், ஏ.எம்.மில் கீச்சென்று ஒரு சத்தமாவது கேட்டு, இன்னொருவர் இருக்கிறார் என்று காட்டிக்கொடுக்கும். விமானக் குரல் தொடர்பு இன்றும் ஏ.எம்.மிலேயே இருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

வாக்கி-டாக்கியில் பாட்டு கேட்கப் போவதில்லை; 3 கிலோஹெர்ட்ஸ் வரை குரல் புரிந்தால் போதும். அங்கே விலகலை 5 கிலோஹெர்ட்ஸாகக் கட்டிப்போடுகிறார்கள். கார்சன் கணக்கில் 2 × (5 + 3), அதாவது 16. 25 கிலோஹெர்ட்ஸ் சேனலில் வசதியாக உட்காரும். 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலுக்கு விலகல் 2.5 மட்டுமே, அகலம் 11. இரைச்சல் தெளிவு குறைகிறது, இடம் மிச்சமாகிறது. பேரம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது.

இந்த 5 கிலோஹெர்ட்ஸைச் சரிபார்க்க அமெச்சூர் வானொலிக்காரர்கள் செய்யும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. விலகலை ஒலியின் அதிர்வெண்ணால் வகுத்தால் வரும் எண் 2.405 ஆகும்போது, ஆற்றல் முழுவதும் பக்க அலைகளுக்குப் போய், நடுவே ஊர்தி என்பதே இல்லாமல் போய்விடும். 5,000-ஐ 2.405-ஆல் வகுத்தால் 2,079. ஆகவே கருவிக்கு 2,079 ஹெர்ட்ஸ் விசில் ஒன்றைக் கொடுத்து, நிறமாலைக் காட்டியின் திரையில் நடுக்கோட்டைப் பார்த்தபடி விலகல் திருகை மெல்லத் திருப்ப வேண்டும். கோடு குட்டையாகிக்கொண்டே வந்து ஓரிடத்தில் மறையும். விலகல் சரியாக 5 கிலோஹெர்ட்ஸ். தனி மீட்டர் தேவையில்லை. முதல் தடவை மறைந்ததுமே நிறுத்திவிட வேண்டும், அதுதான் முக்கியம். ஆர்வத்தில் இன்னும் திருகினால் கோடு திரும்ப எழுந்து இரண்டாம் முறையும் மறையும். அது பதினொன்றரை கிலோஹெர்ட்ஸ் விலகல்; பக்கத்துச் சேனல்காரர் சண்டைக்கு வந்துவிடுவார்.